காசு கேட்கும் கட்டுரை: எழுதியவரிடமே பிரதி கேட்கும் கடிதம்

திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் புவியியல் மாணவி ஒருத்தி, போன வருடம் மடிக்கணினியோடு என்னிடம் வந்தாள். நூலக உசாத்துணை மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால், ஓய்வு பெற்ற பிறகும் பிள்ளைகள் இப்படி வருவதுண்டு. இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு அவள் எடுத்த தலைப்பு, கோண்டாவில், இணுவில் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் உள்ள நைத்திரேற்று.

"சேர், எனக்கு வேண்டிய கட்டுரை இதுதான். திறந்து பாக்க முப்பது டொலருக்கு மேலை கேக்குது. சுருக்கத்தை மட்டும் வச்சு எழுதினால் காணாதோ?"

காணாது. ஏன் காணாது என்பதை அந்தக் கட்டுரையே காட்டியது. சுருக்கத்தில் கிணறுகளின் சராசரி நைத்திரேற்று அளவு ஓர் எண்ணாக இருந்தது. லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றை இரண்டு விதமாகச் சொல்வதுண்டு. சிலர் நைத்திரேற்று முழுவதையும் கணக்கிட்டுச் சொல்வார்கள். சிலர் அதிலுள்ள நைதரசனை மட்டும் சொல்வார்கள். நைதரசன் கணக்கை முழு நைத்திரேற்றாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் எல்லை, முழு நைத்திரேற்றாக லீற்றருக்கு 50 மில்லிகிராம். அந்த 12 முழு நைத்திரேற்று என்றால் கிணறு எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது. அது நைதரசன் கணக்கு என்றால் 53 ஆகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. எது என்று சுருக்கத்தில் இல்லை. மாதிரி எடுத்தது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னா, சித்திரை வெயிலிலா என்பதும் இல்லை. இரண்டும் உள்ளே முறையியல் பகுதியில்தான் இருக்கும்.

"எழுதின ஆளிட்டையே கேளுங்கோ பிள்ளை" என்றேன். அவள் தயங்கினாள். முகம் தெரியாத பேராசிரியரிடம் இலவசமாகக் கேட்பது பிச்சை கேட்பது போல அவளுக்குப் பட்டது. இந்தத் தயக்கத்தைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன். அது தேவையில்லை. நீங்கள் கட்டும் டொலரில் ஒரு சதமும் எழுதியவருக்குப் போவதில்லை, எல்லாம் பதிப்பகத்துக்கே போகிறது. கட்டுரையை யாராவது படித்துத் தம் ஆய்வில் மேற்கோள் காட்டுவதே அவருக்கு வருகிற ஊதியம். ஆய்வாளர் ஒருவர் தனிப்பட்ட முறையில் கேட்டால் ஒரு பிரதி அனுப்ப, பதிப்பகங்களோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இடம் கொடுக்கின்றன. இது இணையம் வந்து தொடங்கிய வழக்கமும் இல்லை. அந்தக் காலத்தில் பதிப்பகம் கட்டுரையாளருக்குச் சில பத்துத் தனிப் பிரதிகளை அச்சிட்டுக் கொடுக்கும். பிரதி கேட்பதற்கென்றே அச்சடித்த தபாலட்டைகளைப் பல்கலைக்கழகத் துறைகள் வைத்திருந்தன. தலைப்பையும் முகவரியையும் எழுதி முத்திரை ஒட்டி அனுப்பினால், சில வாரங்களில் கடித உறையில் கட்டுரை வந்து சேரும். இப்போது அந்த அட்டையின் வேலையை மின்னஞ்சல் செய்கிறது.

ஆனால் எழுதுவதற்கு முன் கால் மணி நேரம் தேட வேண்டும். இலவசமாகக் கிடக்கும் கட்டுரையைக் கேட்டு எழுதினால், தேடாமல் எழுதுகிற பிள்ளை என்று அவர் முதல் வரியிலேயே முடிவு செய்துவிடுவார். கட்டுரையின் முழுத் தலைப்பையும் கூகுள் ஸ்கொலரில் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். முடிவுக்குக் கீழே `All 3 versions` என்பது போன்ற இணைப்பு இருந்தால் அதை அழுத்துங்கள். எழுதியவரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பிரதி கிடக்கலாம். `Unpaywall` என்ற உலாவி நீட்சி சட்டபூர்வமான இலவசப் பிரதி இருந்தால் தானே காட்டும். இலங்கைச் சஞ்சிகைகள் பல `sljol.info` தளத்தில் இலவசமாக உள்ளன. பிறகு உங்கள் நூலகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நூலகம் சந்தா கட்டும் சஞ்சிகைகள் பல, வளாக வலையமைப்புக்குள் இருந்தால்தான் திறக்கும். அறையில் இருந்து பார்த்துவிட்டு "இல்லை" என்று முடிவு செய்த எத்தனையோ பிள்ளைகளுக்கு, வளாகத்துக்குள் வந்ததும் அதே கட்டுரை திறந்திருக்கிறது. இன்னொன்று, நம் நிலத்தடி நீர் பற்றிய பல கட்டுரைகள் யாரோ ஒருவரின் முதுமாணி அல்லது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டில் இருந்து பிறந்தவை. அந்த ஆய்வேடு இலவசமாக இருந்தால், கட்டுரையில் உள்ளதைவிட விரிவான அட்டவணைகள் அதில் இருக்கும்.

இவ்வளவும் பார்த்தும் கிடைக்கவில்லை என்றால் முகவரியைத் தேடுங்கள். கட்டுரை பூட்டியிருந்தாலும் அதன் சுருக்கம் உள்ள பக்கம் திறந்தே இருக்கும். அங்கே ஆசிரியர் பெயர்களில் ஒன்றின் பக்கத்தில் பெரும்பாலும் சிறிய கடித உறைப் படம் இருக்கும். அவரே தொடர்புக்குரிய ஆசிரியர், அவருக்குத்தான் எழுத வேண்டும். முதற்பெயராக இருப்பவர் அப்போது மாணவராக இருந்து இப்போது வேறெங்கோ போயிருக்கலாம். கட்டுரை பத்து வருடம் பழையது என்றால், அதில் உள்ள முகவரியை நம்பாமல் அவர் இப்போது வேலை செய்யும் நிறுவனத்தின் பக்கத்தில் சரிபாருங்கள். `550 5.1.1` என்ற குறியோடு கடிதம் திரும்பி வந்தால் அந்த முகவரியே இல்லை என்று பொருள். அதே முகவரிக்குத் திருப்பித் திருப்பி அனுப்புவதில் பயனில்லை. `ResearchGate` போன்ற தளங்களில் ஒரு பொத்தானை அழுத்திப் பிரதி கேட்கலாம், அதுவும் சில நேரம் பலிக்கும். ஆனால் அங்கே போவது பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரியான அச்சு வாசகம். உங்கள் கையால் எழுதிய நாலு வரிக்கு இருக்கும் மதிப்பு அதற்கு இல்லை.

இனிக் கடிதம். அந்த மாணவி முதலில் எழுதிக் காட்டியது ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். "ரெஸ்பெக்டட் சேர்" என்று தொடங்கி, நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன் என்று போய், தன் பீடத்தின் வரலாறு, யாழ்ப்பாணத்தின் நீர்ப் பிரச்சினை, அவருடைய ஒப்பற்ற பங்களிப்பு என்று நீண்டு, கடைசிப் பந்தியின் கடைசி வரியில் "டு த நீட்ஃபுல்" என்று முடிந்தது. என்ன வேண்டும் என்பது அந்தக் கடைசி வரியில்தான் வந்தது. பிழை அவளுடையதல்ல. பாடசாலையில் அதிபருக்கு விடுமுறைக் கடிதம் எழுதப் பழக்கும்போதே, காரணத்தை வளர்த்து வளர்த்து வந்து வேண்டுகோளைக் கடைசியில் வை என்றுதான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பேராசிரியரோ கைபேசியில், இரண்டு விரிவுரைகளுக்கு நடுவே, முதல் இரண்டு வரியைத்தான் பார்ப்பார். அதற்குள் என்ன வேண்டும் என்று தெரியாவிட்டால், பிறகு படிப்போம் என்று தள்ளி வைப்பார். அந்தப் "பிறகு" வருவதே இல்லை.

புகழ்ச்சியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு கட்டுரை வெளியானதும், காசு வாங்கிக்கொண்டு எதையும் பிரசுரிக்கும் போலிச் சஞ்சிகைகள் அதன் ஆசிரியருக்கு ஓயாமல் மின்னஞ்சல் அனுப்பும். "பெருமதிப்புக்குரிய பேராசிரியரே, தங்கள் தலைசிறந்த பணி கண்டு வியந்தோம்" என்பதே அவற்றின் தொடக்கம். நீங்களும் அப்படியே தொடங்கினால், மனம் நிறைந்து எழுதிய மரியாதை வரி அந்தக் குப்பையோடு சேர்ந்து அழிந்துபோகும். இந்தக் கடிதத்தில் மரியாதை என்பது அவருடைய நேரத்தை மிச்சப்படுத்துவது. அவர் எதையும் தேடாமல், எதையும் ஊகிக்காமல், ஒரு நிமிடத்தில் கோப்பை இணைத்து அனுப்பக்கூடியதாகக் கடிதம் இருக்க வேண்டும்.

விளி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் கூடுதலாகச் சறுக்குவது இங்கேதான். "சேர்" என்று எழுதினால், பெறுபவர் பெண்ணாக இருக்கும்போது முதல் சொல்லே பிழைத்துவிடும். பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கவும் வேண்டாம். "டியர் புரொபெசர்" அல்லது "டியர் டொக்டர்" என்று போட்டு அதன் பின் பெயரை எழுதினால் போதும், அது இருபாலாருக்கும் பொருந்தும். எது சரியென்று அவருடைய நிறுவனப் பக்கம் சொல்லும். தெரியாவிட்டால் டொக்டர் என்பது பாதுகாப்பானது. எந்தப் பெயரை எழுதுவது என்பது அடுத்த சிக்கல். மேலைநாட்டவர் என்றால் குடும்பப் பெயர், அது பொதுவாகக் கடைசியில் வரும். சீன, ஜப்பானியப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னும் வரலாம் பின்னும் வரலாம். பிற கட்டுரைகளின் உசாத்துணைப் பட்டியலில் அவரை எந்தப் பெயரில் குறிக்கிறார்கள் என்று பாருங்கள், அதுவே குடும்பப் பெயர். ஆனால் தமிழர் என்றால் அந்தப் பட்டியலே ஏமாற்றும். தந்தை பெயரைக் கடைசியில் போட்டு எழுதும் நம்மவர்களைச் சஞ்சிகைகள் தந்தை பெயரில் பட்டியலிட்டுவிடும். பேராதனையிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் தமிழ்ப் பேராசிரியரை அவருடைய தகப்பனார் பெயரைச் சொல்லி அழைப்பது அவருக்கே விசித்திரமாக இருக்கும். அவருடைய துறைப் பக்கத்தைத் திறந்து எது இயற்பெயர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவியும் நானும் திருத்தி எழுதிய கடிதம் ஆங்கிலத்தில் போனது. அதன் உள்ளடக்கத்தைத் தமிழில் அப்படியே தருகிறேன். தலைப்பு வரி: "உங்கள் 2014 கட்டுரையின் பிரதி வேண்டி: யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று".

"அன்புள்ள டொக்டர் (பெயர்), நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் இறுதியாண்டு மாணவி. கீழ்க்காணும் உங்கள் கட்டுரையின் பிரதி ஒன்றை அனுப்பித் தர முடியுமா? (முழுத் தலைப்பு, சஞ்சிகை, ஆண்டு, டிஓஐ இணைப்பு.) எங்கள் நூலகத்தில் இந்தச் சஞ்சிகைக்கு அணுக்கம் இல்லை, திறந்த பிரதி எதுவும் எனக்குக் கிடைக்கவும் இல்லை. கோண்டாவில் பகுதியில் நான் மாதிரி எடுத்த கிணறுகளின் நைத்திரேற்று அளவை உங்கள் முடிவுகளோடு ஒப்பிட விரும்புகிறேன். அதற்கு உங்கள் அளவீட்டு அலகும் மாதிரி எடுத்த மாதமும் தெரிய வேண்டும். அச்சான பிரதியை அனுப்ப இயலாவிட்டால், ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படியும் போதுமானது. என் சொந்தப் படிப்புக்கு மட்டுமே பயன்படுத்துவேன். நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு நன்றி." அதன் கீழே பெயர், துறை, பல்கலைக்கழகம், மேற்பார்வையாளரின் பெயர்.

வேண்டுகோள் இரண்டாவது வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. டிஓஐ என்பது `https://doi.org/` என்று தொடங்கும் நிரந்தர இணைப்பு. ஒரே விடயத்தில் ஐந்தாறு கட்டுரை எழுதியவருக்கு எது என்று ஐயம் வராமல் இருக்க அதுவே வழி. நூலகத்தில் இல்லை, திறந்த பிரதியும் இல்லை என்ற வரி நீங்கள் தேடிப் பார்த்ததைச் சொல்கிறது. அலகும் மாதமும் வேண்டும் என்ற வரிதான் கடிதத்தின் உயிர். அவருடைய வேலையை உண்மையில் பயன்படுத்தப் போகிறவர் எழுதுகிறார் என்பதை எந்தப் புகழுரையையும்விட அது தெளிவாகக் காட்டுகிறது.

கையெழுத்துப் படி பற்றிய வரியை விடாமல் எழுதுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட கையெழுத்துப் படி என்பது, மதிப்பாய்வு முடிந்து சஞ்சிகை ஏற்றுக்கொண்ட பிறகு, பதிப்பகம் பக்கம் கோத்து அழகுபடுத்துவதற்கு முன்பு இருந்த ஆசிரியரின் சொந்தக் கோப்பு. அச்சான வடிவத்தைப் பகிர்வதைப் பற்றிப் பதிப்பகங்களின் விதிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆசிரியரின் கோப்பைப் பகிர்வதில் பொதுவாகத் தடை குறைவு. விதியை மீறிவிடுவோமோ என்று தயங்கும் ஒருவருக்கு, இந்த ஒரு வரி வழி திறந்துவிடுகிறது.

என்ன சேர்க்கக் கூடாது என்பதும் முக்கியம். இணைப்புக் கோப்பு எதுவும் வேண்டாம். தெரியாத ஆளிடமிருந்து கோப்போடு வரும் கடிதத்தைப் பல பல்கலைக்கழகங்களின் வடிகட்டிகள் நேரே குப்பைப் பெட்டிக்கு அனுப்பிவிடக்கூடும். "அவசரம், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று எழுதாதீர்கள், உங்கள் ஒப்படைப்புத் திகதிக்கு அவர் பொறுப்பல்ல. "யாழ்ப்பாண நீர் பற்றி நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் அனுப்புங்கள்" என்ற வேண்டுகோளுக்குப் பதில் வராது, ஏனென்றால் அது அவருக்கு அரை நாள் வேலை. ஒரு கடிதத்துக்கு ஒரு கட்டுரை. மூலத் தரவு, வரைபடம், கேள்விகள் எல்லாம் பிரதி வந்து படித்த பிறகு. பல்கலைக்கழகம் தந்த `.ac.lk` முகவரியில் இருந்தே அனுப்புங்கள். சின்ன வயதில் விளையாட்டாகத் தொடங்கிய முகவரியும், அதில் உள்ள புனைபெயரும் இந்தக் கடிதத்துக்கு ஒத்துவராது.

அனுப்பிய பின் பத்து நாள் பொறுங்கள். ஆவணி மாதத்தில் ஐரோப்பாவுக்கும், நத்தாரை ஒட்டி மேலைநாடு எங்கும் எழுதினால் இன்னும் கூடுதலாகப் பொறுக்க வேண்டும், ஆட்கள் விடுமுறையில் போயிருப்பார்கள். பதில் இல்லாவிட்டால் ஒரே ஒரு நினைவூட்டல். புதிய கடிதமாக வேண்டாம், முதற்கடிதத்துக்கே மறுமொழியாக இரண்டு வரி: "முன்பு அனுப்பியது உங்கள் பார்வைக்கு வராமல் போயிருக்கலாம் என்பதால் மீண்டும் எழுதுகிறேன்." அதற்கும் பதில் இல்லை என்றால், இணை ஆசிரியர்களில் ஒருவருக்கு எழுதுங்கள். இலங்கையில் உள்ளவர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தால் அவரைத் தெரிவு செய்யுங்கள். எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினால், மற்றவர் அனுப்புவார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவார்கள்.

மாணவிக்கு ஆறாம் நாள் பதில் வந்தது. இரண்டு வரிதான், கூடவே ஆசிரியரின் கையெழுத்துப் படி. முறையியல் பகுதியைத் திறந்ததும் விடை கிடைத்துவிட்டது. எண்கள் நைதரசன் கணக்கில் இருந்தன, மாதிரிகள் தை மாதத்தில் எடுக்கப்பட்டிருந்தன. அவளுடைய மாதிரிகளோ புரட்டாதியில், மழைக்கு முன்பு எடுத்தவை, முழு நைத்திரேற்றாகக் கணித்தவை. சுருக்கத்தை நம்பி இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டிருந்தால், கோண்டாவில் கிணறுகள் சில வருடங்களில் நாலு மடங்கு கெட்டுவிட்டதாக ஆய்வேடு சொல்லியிருக்கும். அலகை மாற்றிய பின் வித்தியாசம் மிகச் சிறியதாகிவிட்டது. மிஞ்சிய அந்த வித்தியாசத்திலும் மழையின் பங்கு எவ்வளவு, பசளையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என அவளே ஒரு பந்தி எழுதிச் சேர்த்தாள்.

நன்றிக் கடிதத்தை அன்றே அனுப்பச் சொன்னேன். "பிரதி கிடைத்தது. நான் தேடிய அலகு 3ஆம் பக்கத்தில் இருக்கிறது. மிக்க நன்றி" என்பது போதும். ஆய்வேடு முடிந்ததும் தன் கிணறுகளின் அட்டவணையை அவருக்கு அனுப்பலாமா என்று கேட்டாள். தாராளமாக அனுப்பலாம், இந்த மண்ணின் கிணறுகளை அளந்தவருக்கு அதைவிட விருப்பமான கடிதம் வராது.

ஆய்வேட்டில் எழுதும்போது ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். கையெழுத்துப் படியின் பக்க எண்களும் அச்சான கட்டுரையின் பக்க எண்களும் வேறு. உசாத்துணைப் பட்டியலில் அச்சான கட்டுரையின் விபரத்தையும் டிஓஐயையும் கொடுங்கள். குறிப்பிட்ட வரியைச் சுட்டும்போது பக்க எண்ணுக்குப் பதிலாகப் பகுதியின் பெயரையோ அட்டவணை எண்ணையோ சொல்லுங்கள். அவளுடைய வகுப்பில் இன்னும் இரண்டு பேர் நீர் பற்றி எழுதினார்கள், கோப்பை வட்ஸ்அப் குழுவில் போடும்படி கேட்டார்கள். அவள் போடவில்லை. சொந்தப் படிப்புக்கு மட்டும் என்று எழுதி வாங்கியது அது. டிஓஐ இணைப்பையும், தான் எழுதிய கடிதத்தின் வாசகத்தையும் அவர்களுக்கு அனுப்பிவைத்தாள். ஒருவனுக்கு அடுத்த வாரமே பிரதி வந்தது. மற்றவன் இன்னும் எழுதவில்லை.